ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்களா? மின் கட்டண பாக்கி: கேள்வி-பதில்

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்ததால் இந்த முறை கரண்ட் பில் கட்ட விட்டுப்போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால் ஃபியூஸ் கேரியரைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். நோட்டீஸ் எதுவும் வரவில்லை. சர்வீஸ் வீட்டுக்காரர் பேரில் இருக்கிறது, அவர் வெளியூரில் இருக்கிறார். இன்றைக்கே கரண்ட் வர என்ன செய்வது? கூடுதலாக எவ்வளவு கேட்பார்கள்?
– வாசகி, மதுரை

பதில்: வீட்டுக்காரரைத் தேடி அலைய வேண்டாம். பணம் கட்ட மின் இணைப்பு எண் மட்டும் போதும். யார் கட்டினாலும் அந்த எண்ணின் கணக்கில்தான் போய்ச் சேரும், அவருடைய கையெழுத்துக்கு அங்கே வேலை இல்லை.

மின்வாரியத்தின் இணையதளத்திலோ செயலியிலோ உங்கள் இணைப்பு எண்ணைப் போட்டுப் பாருங்கள். (இப்போது அதன் பெயர் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். நாம் ஈ.பி. என்றே சொல்லிக்கொண்டிருப்போம்.) நிலுவை எவ்வளவு என்று காட்டும். மற்ற பணப்பரிமாற்றச் செயலிகளிலும் கட்டலாம்தான். ஆனால் அவற்றின் வழியே போகும் பணம் வாரியத்தின் கணக்கில் ஏறச் சில நேரம் தாமதமாகும். சாதாரண நாளில் அது பெரிய விஷயமில்லை. வீடு இருட்டில் இருக்கும்போது, "எங்க சிஸ்டத்துல இன்னும் வரலையேம்மா" என்று பிரிவு அலுவலகத்தில் சொன்னால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். எனவே வாரியத்தின் சொந்த தளத்தில் கட்டுங்கள், அல்லது நேராகக் கவுன்டருக்குப் போய்க் கட்டுங்கள். இந்த அவசரத்துக்குக் காசோலை உதவாது.

ரசீதில் தொகை தலைப்பு வாரியாகப் பிரிந்திருக்கும். மின் கட்டணம் ஒரு வரி. கெடு தாண்டிய நாட்களுக்கான தாமதக் கட்டணம் இன்னொரு வரி, இதை அலுவலகத்தில் பி.பி.எஸ்.சி. என்பார்கள். மறு இணைப்புக் கட்டணம் மூன்றாவது. இந்த மூன்றாவது வரி மிக முக்கியம். நிலுவையை மட்டும் கட்டிவிட்டு இது பாக்கி நின்றால் ஆள் வரமாட்டார். ரசீதில் அந்த வரி இல்லையென்றால், அதைத் தனியாகக் கட்ட வேண்டுமா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மறு இணைப்புக்கு எவ்வளவு என்பதை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தீர்மானிக்கிறது. லைன்மேனோ உதவிப் பொறியாளரோ மனம்போல் சொல்லும் தொகை அல்ல அது. ஒற்றை முனை இணைப்பா, மும்முனையா என்பதையும், துண்டித்தது வீட்டு ஃபியூஸிலா, கம்பத்திலா என்பதையும் பொறுத்து அது மாறும். உங்களுடையதைப் போலக் கேரியரை மட்டும் எடுத்துப்போன வீட்டு இணைப்புக்கு அது சிறிய தொகைதான். அவ்வப்போது திருத்தப்படுவதால், கட்டும் நாளில் திரையில் காட்டுவதே சரியான தொகை. அதற்கு மேல் கையில் யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மின்சாரச் சட்டம் 2003-இன் 56-ஆம் பிரிவு, நிலுவையோடு "துண்டித்து மறுபடி இணைத்ததில் ஆன செலவையும்" வசூலிக்கலாம் என்கிறது. ஆகவே துண்டிப்புப் பட்டியலில் பெயர் ஏறி, ஆள் வந்து கேரியரைக் கழற்றும் முன்பே நீங்கள் கட்டிவிட்டிருந்தால், மறு இணைப்புக் கட்டணம் கேட்பதில் நியாயமில்லை. அப்போது உதவிப் பொறியாளரிடம் கட்டிய நேரத்தைக் காட்டிப் பேசலாம். உங்கள் விஷயத்தில் கேரியர் போய்விட்டது, அதனால் கட்டித்தான் ஆக வேண்டும்.

கட்டிய கையோடு ரசீதை எடுத்துக்கொண்டு பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது போன் போட்டு இணைப்பு எண்ணைச் சொல்லுங்கள். பணம் கட்டிவிட்டால் வயர்மேன் தானாகவே வந்து நிற்பார் என்று வீட்டில் காத்திருப்பவர்களுக்குத்தான் இரவு நீள்கிறது. மாலை அலுவலகம் மூடுவதற்குள் சொல்லிவிட்டால் அன்றே மாட்டிவிடுவது வழக்கம். சொல்லியும் யாரும் வரவில்லையென்றால் மின்னகம் 94987 94987 என்ற எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறு இணைப்பைத் தாமதப்படுத்தினால் நுகர்வோருக்கு இழப்பீடு தரவும் சட்டத்தில் வழி உண்டு. பின்னால் அதைக் கேட்க அந்தப் புகார் எண்தான் ஆதாரம்.

இனி நோட்டீஸ். சட்டப்படி துண்டிக்கும் முன் முழுதாக 15 நாள் எழுத்துபூர்வ அறிவிப்பு தர வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கென்று தனித் தாள் வருவதில்லை. கணக்கெடுக்க வருபவர் வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போகும் தொகையும் கெடுவும்தான் அறிவிப்பு. பணம் கட்ட 5 நாள், அதன்மேல் 15 நாள் அறிவிப்புக் காலம், ஆக 20 நாள். ஜூலை 3-ஆம் தேதி ரீடிங் எடுத்திருந்தால் ஜூலை 23 வரை நேரம், அதற்கு மறுநாளிலிருந்து கேரியருக்கு உத்தரவாதமில்லை. "நோட்டீஸே வரவில்லை" என்று வாதாடினால் அட்டையை எடுங்கள் என்பார்கள். அதில் எழுதியிருந்தால் உங்கள் பக்கம் பேச இடமில்லை. அட்டையில் ஒன்றுமே எழுதாமல், குறுஞ்செய்தியும் வராமல் துண்டித்திருந்தால் கதை வேறு. அதைப் புகாராகவே எழுதித் தரலாம். வாடகை வீடுகளில் இன்னொரு சிக்கல், குறுஞ்செய்தி வீட்டுக்காரரின் எண்ணுக்கோ முந்தைய குடித்தனக்காரரின் எண்ணுக்கோ போய்க்கொண்டிருக்கும். உங்கள் எண்ணை மாற்றிப் பதியச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேரியருக்குப் பதில் கம்பியை முறுக்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். துண்டித்த இணைப்பை அனுமதியில்லாமல் மறுபடி இணைப்பது 138-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சில நூறு ரூபாய் பாக்கி போலீஸ் ஸ்டேஷன் வரை போவது இந்த ஒரு காரியத்தால்தான். பாக்கியை மாதக்கணக்கில் அப்படியே விட்டாலும் ஆபத்து உண்டு. மீட்டரையே கழற்றி, டெபாசிட்டை நிலுவையில் கழித்து, ஒப்பந்தத்தை முடித்துவிடுவார்கள். பிறகு புதிய இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டிவரும். அந்தக் கட்டத்தில்தான் வீட்டுக்காரர் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

கேள்வி: எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 2,500 ரூபாய்க்குப் பக்கத்தில்தான் வரும். இந்த முறை 9,860 போட்டிருக்கிறார்கள். கேட்டால், "முதல்ல கட்டுங்க, அப்புறம் பார்க்கலாம், இல்லன்னா கட் பண்ணிடுவோம்" என்கிறார்கள். கட்டாமல் சண்டை போட முடியுமா?
– வாசகர், திருச்சி

பதில்: கட்டாமல் முடியாது. குறைவாகக் கட்டிவிட்டுச் சண்டை போட முடியும்.

அதற்கு முன் மீட்டரை ஒரு தரம் பாருங்கள். வெள்ளை அட்டையில் இந்த முறை எழுதிய ரீடிங்கையும், இன்று மீட்டரில் ஓடும் எண்ணையும் ஒப்பிடுங்கள். அட்டையில் 15,480 என்றிருக்க, பத்து நாள் கழித்தும் மீட்டர் 14,930-இல் நின்றால் எண்ணைத் தவறாகக் குறித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மீட்டர் பின்னால் ஓடாதல்லவா? மீட்டர் எண்ணும் ரீடிங்கும் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து உதவிப் பொறியாளரிடம் காட்டினால் பில்லையே திருத்திவிடுவார்கள். முன்பு வீடு பூட்டியிருந்த தவணையில் பழைய கணக்கை வைத்துத் தோராயமாகப் போட்டுவிட்டு, நான்கு மாத யூனிட்டையும் இப்போது ஒரே தவணையில் சேர்த்திருந்தாலும் தொகை எகிறும். மேல் படிக்கட்டண விகிதம் அதனால் வந்து விழும். அப்படியானால் யூனிட்டை இரண்டு தவணைக்கும் பிரித்துப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

ரீடிங் சரியாக இருந்து, மீட்டர்தான் அளவுக்கு மீறி வேகமாக ஓடுகிறது என்று சந்தேகப்பட்டால் 56-ஆம் பிரிவின் விதிவிலக்கு கைகொடுக்கும். கேட்கும் முழுத் தொகை, அல்லது முந்தைய ஆறு மாதத்தில் நீங்கள் கட்டிய கட்டணத்தின் சராசரிப்படி வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டினால், தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது என்கிறது அது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடைசி மூன்று தவணைகளில் 2,180, 2,460, 2,760 கட்டியிருந்தால் ஆறு மாதத்துக்கு 7,400. மாதத்துக்கு 1,233 ரூபாய் சொச்சம், இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 2,467. ஆக, 9,860-க்குப் பதில் 2,467 கட்டினால் போதும்.

சிக்கல் எங்கே என்றால், இணையதளம் முழுத் தொகையைத்தான் கேட்கும். அதனால் கெடுவுக்குச் சில நாள் முன்பே ஒரு கடிதத்தோடு நேரில் போக வேண்டும். இணைப்பு எண், ஆட்சேபிக்கும் தொகை, மூன்று தவணைகளின் கணக்கு, "56-ஆம் பிரிவின்படி ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்ற வரி, மீட்டரைச் சோதிக்கக் கோரிக்கை, இவ்வளவு போதும். இரண்டு நகல் கொண்டுபோய் ஒன்றில் தேதி முத்திரை வாங்குங்கள். சோதனைக்குக் கட்டணம் உண்டு. கடிதத்தை வாங்க மறுத்தால் அதையே பதிவுத் தபாலில் உதவிப் பொறியாளருக்கும் செயற்பொறியாளருக்கும் அனுப்பிவிட்டு, உங்கள் மின் பகிர்மான வட்டத்திலுள்ள நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனுப் போடுங்கள். அதன் தீர்ப்பு சரியில்லையென்றால் மின்குறை தீர்ப்பாளர் இருக்கிறார்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். அடுத்த தவணைக்கு வரும் பில்லை முறையாகக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தகராறு பழைய தொகைக்கு மட்டும்தான் காப்பு. புது பாக்கியைக் காட்டித் துண்டித்தால் மன்றத்திலும் பேச முடியாது.

கேள்வி: "இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று ஒரு மெசேஜ் வந்தது. பில்லை எப்போதோ கட்டிவிட்டேன். அழைக்கலாமா?
– வாசகர், ஆவடி

பதில்: அழைக்காதீர்கள், அது மோசடி. யாரோ ஒருவரின் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணைக் கொடுத்து வாரியம் துண்டிப்பு மிரட்டல் அனுப்புவதில்லை. அழைத்தால் ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள், அதன் வழியே உங்கள் திரை அவர்கள் கைக்குப் போகும், பிறகு வங்கிக் கணக்கும் போகும். ஏற்கெனவே அழைத்து எதையாவது இறக்கியிருந்தால் முதலில் போனின் இணையத்தை அணையுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியையும், சைபர் குற்றங்களுக்கான 1930-ஐயும் அழையுங்கள். உண்மையிலேயே பாக்கி இருக்கிறதா என்பதை உங்கள் இணைப்பு எண்ணைப் போட்டு வாரியத்தின் தளத்தில் பார்த்தால் தெரிந்துவிடும்.