31-ஆம் வடிவம் நல்லது என்கிறது, இரண்டாம் கோடு தீமை என்கிறது: எதை எடுத்துக்கொள்வது?

"ஒரு பெண்ணோடு மூன்று வாரமாகப் பேசிப் பழகுகிறேன். 'அவங்க வீட்டில் இப்போதே பேசிவிடலாமா?' என்று கேட்டு, பழைய சீனக் குறிநூலான ஐ சிங் முறையில் நாணயம் போட்டேன். 31-ஆவது வடிவம் வந்தது, இரண்டாவது கோடு மாறும் கோடு. மொத்தப் பலனில் 'பெண் எடுத்தால் நன்மை' என்று இருக்கிறது. கோட்டுப் பலனோ 'தீமை' என்கிறது. எதை நம்புவது? மறுபடி போட்டுப் பார்க்கலாமா?"

பலனுக்குப் போகும் முன் நீங்கள் குறித்த எண்களை எடுத்துப் பாருங்கள். முதல் முறை சுண்டியது அடிக்கோடு, ஆறாவதுதான் உச்சி. தலைக்கு 3, பூவுக்கு 2 என்று கூட்டியிருந்தால் உங்கள் வரிசை 8, 6, 7, 7, 7, 8 என்று இருக்க வேண்டும். இரண்டாவது முறை மூன்று நாணயமும் பூவாக விழுந்து 6 வந்திருக்கும். உடைந்த கோடாக விழுந்து முழுக்கோடாக மாறும் கோடு அதுதான். இந்த வடிவத்துக்கு இந்தச் சரிபார்ப்பு மிகவும் அவசியம். ஏனென்றால் 31-ஐத் தலைகீழாக எழுதினால் 32 வந்துவிடும். 31 இருவர் ஈர்க்கப்படுவதைச் சொல்வது, 32 நீடித்த இல்லறத்தைச் சொல்வது. மேலிருந்து கீழாக எழுதும் பழக்கத்தில், இன்னும் தொடங்காத உறவுக்கு நீண்ட தாம்பத்தியப் பலன் படித்தவர்கள் உண்டு.

வரிசை சரி என்றால் படத்தைப் பாருங்கள். கீழே மலை, மேலே ஏரி. சீன மரபில் மலை இளைய மகன், ஏரி இளைய மகள். மலையின் குணம் அசையாமை, ஏரியின் குணம் மகிழ்ச்சி. பழைய உரை இதை 'ஆண் பெண்ணுக்குக் கீழே நிற்கிறான்' என்று விளக்குகிறது. கனமானது தானாகக் கீழே இறங்கி நிற்கிறது, அதனால்தான் மேலே உள்ளது பயமில்லாமல் நெருங்கி வருகிறது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் சீனத் தத்துவஞானி சுன்ஸி இந்த வடிவத்தில் கணவன் மனைவி உறவின் தொடக்கத்தைக் கண்டதும், மணமகன் தானே போய்ப் பெண்ணை அழைத்துவரும் சடங்கை இதோடு சேர்த்துப் பேசியதும் இதனால்தான். ஆகவே 'பெண் எடுத்தால் நன்மை' என்பது இப்படிப்பட்ட ஈர்ப்பின் இயல்பைப் பற்றிய வாக்கு. எப்போது போய்ப் பேச வேண்டும் என்பது அதில் இல்லை.

நீங்கள் கேட்டதோ 'இப்போதே' என்று. அதற்குப் பதில் கோட்டில் இருக்கிறது. ஒரே ஒரு கோடு மாறினால் அந்தக் கோட்டுப் பலனையே முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்பது 12-ஆம் நூற்றாண்டில் சீன அறிஞர் சூ ஷி வகுத்த விதி. இன்றும் பலர் இதைத்தான் பின்பற்றுகிறார்கள், நானும் அப்படியே படிக்கிறேன்.

31-இன் கோடுகள் உடம்பில் ஏறிக்கொண்டே போகும். அடிக்கோடு கால் கட்டைவிரல். உச்சிக்கோடு தாடை, கன்னம், நாக்கு. உங்களுடையது கெண்டைக்கால். நடக்க நினைத்ததுமே கெண்டைக்கால் சதை முறுக்கேறிவிடும், ஆனால் எங்கே போவது என்று அது தீர்மானிப்பதில்லை. அந்தத் துடிப்பில் கிளம்பினால்தான் தீமை. நீங்கள் படித்த வரி அதோடு முடியவில்லை, 'இருந்த இடத்தில் இருந்தால் நன்மை' என்று தொடர்கிறது. இந்தக் கோட்டுக்கு ஜோடி ஐந்தாம் கோடு. இரண்டும் அவற்றுக்குரிய இடத்தில்தான் இருக்கின்றன, பொருத்தத்தில் குறை இல்லை. மேலிருந்து அழைப்பு வரும் முன்னே கீழே உள்ளது ஓடுவதுதான் இங்கே சிக்கல்.

அந்தக் கோடு மாறிய பின் வருவது 28-ஆம் வடிவம். நடுவில் நான்கு முழுக்கோடு, இரு முனையிலும் உடைந்த கோடு: நடுப்பாரம் தாங்காமல் வளையும் உத்தரம். மூன்று வார அறிமுகத்தின் மேல் இரண்டு குடும்பங்களின் எதிர்பார்ப்பை ஏற்றினால் ஆவது இதுதான் என்று படிக்கிறேன்.

அதற்காக ஒதுங்கிப் போகவும் வேண்டாம், பேச்சைக் குறைக்கவும் வேண்டாம். இப்போது பேசும் அளவிலேயே பேசுங்கள். எல்லாம் நீங்களே தொடங்கிவைக்கிறீர்களா, அவரும் தானாகக் கூப்பிடுகிறாரா, தன் வீட்டு மனிதர்களைப் பற்றிச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று இந்த வடிவம் சொல்லாது. அதை அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் பேசுவதில் அவருக்குச் சம்மதமா என்பதையும் முதலில் அவரிடமே கேளுங்கள்.

இதே கேள்விக்கு மறுபடி நாணயம் போடாதீர்கள். முதல் முறை கேட்டால் சொல்வேன், இரண்டு மூன்று முறை கேட்டால் சொல்லமாட்டேன் என்று 4-ஆம் வடிவமே சொல்கிறது. அவர் பக்கத்திலிருந்து ஏதாவது நடந்து நிலைமை மாறினால், 'பேசலாமா' என்பதை விட்டுவிட்டு 'எப்படிப் பேசுவது' என்று கேட்டுப் போடலாம்.