95 ரூபாய்க்குக் கேட்டேன், ஏன் குலுக்கலில்கூட இல்லை?

“ஒரு நிறுவனத்தின் புதிய பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்தேன். விலைப்பட்டை 95–100 ரூபாய். 95 போட்டேன். கட்-ஆஃப் போட்ட என் தம்பிக்கு ஒரு லாட் பங்குகள் கிடைத்தன. எனக்கு மட்டும் ஏன் இல்லை?”

நீங்கள் குலுக்கலில் தோற்கவில்லை. அதற்குள் நுழையவே இல்லை. இறுதி விலைக்குக் கீழே கேட்ட விண்ணப்பம் செல்லாது.

விலை மேலிருந்து கீழாகத்தான் எண்ணப்படுகிறது. விற்பனைக்கு 10 லட்சம் பங்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ரூபாய் தரத் தயாரானவர்கள் 6 லட்சம் கேட்கிறார்கள். 98-இல் இன்னும் 4 லட்சம் சேர்கிறது. பங்குகள் அங்கேயே தீர்ந்துவிடுவதால் 98-தான் வெட்டுவிலை, அதாவது இறுதி விலை. 100 கேட்டவரும் 98-தான் கொடுப்பார். 95 கேட்டவர் வெளியே. நீங்கள் விண்ணப்பித்த வெளியீட்டில் 100 ரூபாயிலேயே பங்குகள் தீர்ந்திருக்க வேண்டும். இந்தியாவில் பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது.

ஒன்றைச் சரிபாருங்கள்: விண்ணப்பத்தில் கட்-ஆஃப் கட்டம் தேர்வாகியிருந்ததா? அதைத் தேர்ந்தால், எந்த விலை முடிவானாலும் சம்மதம் என்று பொருள். இரண்டு லட்சம் ரூபாய் வரை கேட்கும் சில்லறை முதலீட்டாளருக்கு இந்த வசதி உண்டு, பெருநிறுவனங்களுக்குக் கிடையாது. உச்சவிலைக்கான பணம் வங்கியில் முடக்கப்படும். விலை குறைந்தால் மிச்சம் விடுவிக்கப்படும்.

ஆனால் கட்-ஆஃப் போட்டாலும் ஒதுக்கீடு உறுதியில்லை. சில்லறைப் பிரிவில் லாட்டுகளைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல்தான். அந்த வெளியீட்டுக்கு 100 ரூபாய் அதிகம் என்று நினைத்திருந்தால், நீங்கள் 95-இல் நின்றது தவறே அல்ல.