டி-டைமர்: இயல்பாக வந்தால் ஒரு பதில், கூடினால் பல கேள்விகள்

வணக்கம் டாக்டர்,

என் அம்மாவுக்கு 72 வயது. போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்புப் பக்கம் நீலமாகக் கன்றிவிட்டது. எலும்பு முறிவு இல்லை, நன்றாக நடமாடுகிறார். ஏற்கெனவே பதிவு செய்திருந்த முழு உடல் பரிசோதனைக்கு இந்த வாரம் போனோம். அதில் டி-டைமர் 690 என்று வந்திருக்கிறது, 500-க்குள் இருக்க வேண்டுமாம். கால் வீக்கம், மூச்சுத் திணறல் எதுவும் இல்லை. ஆனால் தெரிந்தவர் ஒருவர், ரத்தம் எங்கோ உறைந்திருக்கிறது, உடனே அதற்கான மாத்திரையைத் தொடங்குங்கள் என்கிறார். போன மாதம் என் தம்பிக்கு (வயது 41) ஷட்டில் ஆடிய மறுநாள் கெண்டைக்கால் வலித்தது. இதே டெஸ்ட் 210 என்று வந்ததும், உறைவு இல்லை என்று ஸ்கேன்கூட எடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு அவ்வளவு உறுதியாகச் சொன்ன டெஸ்ட் அம்மாவுக்குச் சொல்லாதா?

மாலதி, திருச்சி

அன்புள்ள மாலதி,

முதலில் மாத்திரை விஷயம். இந்த ஒரு எண்ணை வைத்து அதைத் தொடங்காதீர்கள். விழுந்து ஒரு வாரம்தான் ஆகிறது. உறைவைத் தடுக்கும் மாத்திரை கொடுத்தால் கன்றிய இடத்தில் மறுபடி ரத்தம் கசிந்து வீக்கம் பெரிதாகலாம். விழுந்தபோது தலையிலும் அடிபட்டிருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல்.

இந்த டெஸ்ட் எதை அளக்கிறது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற புரத இழைகள் உருவாகி, ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து வலையாகின்றன. வேலை முடிந்ததும் உடம்பே பிளாஸ்மின் என்ற நொதியால் அந்த வலையை வெட்டிக் கரைக்கிறது. அப்படி வெட்டும்போது சிதறும் துண்டுகளில் ஒன்றுதான் டி-டைமர். உடம்பில் எங்கோ ஃபைப்ரின் உருவாகி, கரைந்துகொண்டும் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. எங்கே, எதற்காக என்று அதற்குத் தெரியாது.

அம்மாவின் இடுப்பில் நீலமாகத் தெரிகிறதே, அங்கேயும் இதேதான் நடக்கிறது. தோலுக்கடியில் கசிந்த ரத்தம் உறைந்து, இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அதன் துண்டுகளும் ரத்தத்தில்தான் வந்து சேரும். அறுவை சிகிச்சை, நிமோனியா, கர்ப்பம், புற்றுநோய், கல்லீரல் நோய் எல்லாவற்றிலும் இந்த எண் கூடும். ஒன்றுமே இல்லாமல் வயதானாலும் கூடும். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் முதியவர்களில் 500-க்குக் கீழே இருப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இனி தம்பி. அவருக்கு விடை சொன்னது 210 என்ற எண் மட்டுமல்ல. டெஸ்டுக்கு முன்பே டாக்டர் சிலவற்றைக் கேட்டிருப்பார், பார்த்திருப்பார். சமீபத்தில் ஆபரேஷன் நடந்ததா, காலில் மாவுக்கட்டு போட்டிருந்ததா, படுத்த படுக்கையாக இருந்தாரா, புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறதா, முன்பு உறைவு வந்திருக்கிறதா என்று கேட்பார்கள். முழங்காலுக்குக் கீழே துருத்தும் எலும்பு முடிச்சிலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரண்டு கெண்டைக்கால்களையும் டேப்பால் சுற்றி அளப்பார்கள். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் ஒரு மதிப்பெண். வேறு காரணம் அதே அளவுக்குப் பொருந்தினால் இரண்டு மதிப்பெண் கழியும். ஷட்டில் ஆடிய மறுநாள் வந்த வலி என்றால் தசைப்பிடிப்பு நன்றாகவே பொருந்துகிறது. கனடாவைச் சேர்ந்த ஃபிலிப் வெல்ஸ் உருவாக்கிய மதிப்பெண் முறை இது. மொத்தம் இரண்டுக்குக் கீழே இருந்து, டி-டைமரும் இயல்பாக இருந்தால் ஸ்கேனைத் தவிர்க்கலாம் என்று அவருடைய குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் உறைவு இருக்கும் என்ற நிலையில் உள்ள 1000 பேரை எடுத்துக்கொள்வோம். உண்மையில் உறைவு உள்ளவர்கள் 50 பேர். நல்ல டி-டைமர் டெஸ்ட் அவர்களில் ஏறக்குறைய 48 பேரைப் பிடித்துவிடும், இரண்டு பேரைத் தவறவிடும். உறைவு இல்லாத 950 பேரில் 40 சதவீதம் பேருக்குத்தான் இயல்பு என்று வரும் என்று வைத்துக்கொண்டால் அது 380 பேர். ஆக, இயல்பு என்று வந்தவர்கள் 382 பேர், அவர்களில் உறைவு இருப்பது இரண்டே பேருக்கு. உங்கள் தம்பி நிற்பது இந்த வரிசையில். மறுபக்கம், கூடுதலாக வந்தவர்கள் 618 பேர். அவர்களில் உறைவு உள்ளவர்கள் 48 பேர்தான், மீதி 570 பேரும் வீணாகப் பயந்தவர்கள்.

இந்த 618 பேருக்குக்கூட காலில் வலியோ வீக்கமோ இருந்தது, அதனால்தான் டெஸ்ட் எடுத்தார்கள். அம்மாவுக்கு அதுவும் இல்லை. அறிகுறியே இல்லாதவர்களுக்கு இந்த டெஸ்டைப் பரிசோதனைத் தொகுப்பில் சேர்ப்பது தவறு என்றே நான் நினைக்கிறேன். சந்தேகம் எழுந்த இடத்தில் அதைத் தீர்த்துவைக்க உருவான டெஸ்டை, சந்தேகம் இல்லாத வீட்டில் கொண்டுபோய் வைத்தால் அது சந்தேகத்தைத்தான் உண்டாக்கும்.

இயல்பான எண்ணுக்கும் எல்லை உண்டு. அதே கணக்கை, இரண்டு பேரில் ஒருவருக்கு உறைவு இருக்கும் நிலையில் போடுங்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், ஒரு கால் முழுதும் வீங்கி வருகிறார் என்று வையுங்கள். அப்படி 1000 பேரில் உறைவுள்ள 500 பேரில் 20 பேரை டெஸ்ட் தவறவிடும். உறைவு இல்லாதவர்களில் 200 பேருக்கு இயல்பு என்று வரும். இயல்பு என்று வந்த 220 பேரில் 20 பேருக்கு உறைவு! அதனால்தான் இவர்களுக்கு டி-டைமரை நம்பாமல் நேரே டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்புகிறோம். வலி தொடங்கி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, உறைவைத் தடுக்கும் மருந்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தாலோ எண் இறங்கி ஏமாற்றக்கூடும்.

அப்புறம் அந்த 500. ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் FEU என்று இருக்கிறதா, DDU என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் வேறு அளவுகள். DDU-வில் எல்லை ஏறத்தாழ பாதி, அதாவது 250. உங்களுக்கு 500 என்று போட்டிருப்பதால் FEU-வாகத்தான் இருக்கும். அந்த அளவில் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி எல்லையாக வைக்கலாம். அம்மாவுக்கு அது 720. நுரையீரலில் உறைவு இருக்குமோ என்ற சந்தேகத்தோடு வந்தவர்களிடம் இதைச் சோதித்து 2014-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று வெளியானது. 500-க்கு மேலும் வயதுக்கேற்ற எல்லைக்குக் கீழும் இருந்தவர்கள் 300 பேருக்கு மேல். அவர்களுக்கு மருந்து கொடுக்காமல் மூன்று மாதம் கவனித்ததில் ஒரே ஒருவருக்குத்தான் உறைவு தெரியவந்தது. அதாவது, அம்மாவுக்கு அறிகுறி இருந்து இந்த 690 வந்திருந்தால்கூட, வெல்ஸ் மதிப்பெண் குறைவாக இருக்கும்பட்சத்தில் பல டாக்டர்கள் அதை இயல்பு என்றே எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அம்மாவை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள், விழுந்ததை மறக்காமல் சொல்லுங்கள். எண் இறங்கிவிட்டதா என்று வாரம் ஒருமுறை டெஸ்ட் எடுக்க வேண்டாம். இடுப்பு வலியால் படுத்தே இருக்க விடாமல் வீட்டுக்குள் நடக்கவையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டைக்காலில் புதிதாக வலி வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அப்போது இந்த 690-ஐ அவர்களிடம் சொல்லுங்கள், ஆனால் இடுப்பில் கன்றியிருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.