எல்லா ஐபிஓ-வுக்கும் விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: எட்டு மாதமாக வருகிற ஐபிஓ எல்லாவற்றுக்கும் ஒரு லாட் போடுகிறேன். விலை ஏறிய எதிலும் எனக்கு அலாட்மென்ட் விழவில்லை. விழுந்த இரண்டும் நஷ்டத்தில் பட்டியலாகின. என் ராசிதான் காரணமா? “போட்டால் காசா போகிறது, விழுந்தால் லாபம்தானே” என்கிறார் நண்பர். தொடரலாமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: ராசியின் மேல் பழி போடாதீர்கள். சில்லறை முதலீட்டாளர்களுக்கான ஒதுக்கீட்டு முறையே அப்படித்தான் வேலை செய்கிறது.

உங்கள் நண்பர் பாதி சரி. அஸ்பா முறையில் பணம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே முடக்கப்பட்டு நிற்கிறது. சேமிப்புக் கணக்கு வட்டியும் நிற்காது. விழாவிட்டால் சில நாளில் விடுவித்து விடுவார்கள். அதுவரை நஷ்டம் இல்லை. விழுந்தால் என்ன விழுகிறது என்பதில்தான் சிக்கல்.

விண்ணப்பங்கள் குவிந்தால் சில்லறைப் பிரிவில் குலுக்கல் நடக்கும். பெயர் வந்தவருக்கு ஒரே ஒரு லாட். 2023 நவம்பரில் வந்த டாடா டெக்னாலஜிஸை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியீட்டு விலை 500 ரூபாய், ஒரு லாட் 30 பங்கு. 1,200 ரூபாயில் பட்டியலானது. விழுந்தவருக்கு 21,000 ரூபாய் லாபம். ஆனால் சில்லறைப் பிரிவில் சுமார் 16 மடங்கு கேட்பு. தோராயமாக 16 பேரில் ஒருவருக்கு என்று வைத்தால், ஒரு விண்ணப்பத்தின் சராசரி மதிப்பு 1,300 ரூபாய்தான்.

இப்போது 2021 நவம்பரில் வந்த பேடிஎம். விலை 2,150, லாட் 6 பங்கு. சில்லறைப் பிரிவில் கேட்பு இரண்டு மடங்கைக்கூடத் தொடவில்லை. அதாவது, போட்டவர்களில் பாதிக்கு மேல் விழுந்தது. முதல் நாள் முடிவில் விலை சுமார் 1,564. லாட்டுக்கு 3,500 ரூபாய் போச்சு. 2024 அக்டோபரில் வந்த ஹூண்டாய் மோட்டார் இந்தியாவில் சில்லறைப் பிரிவு பாதிதான் நிரம்பியது. குலுக்கலே இல்லை, கேட்ட அனைவருக்கும் கிடைத்தது. 1,960 ரூபாய்க்கு வாங்கிய பங்கு முதல் நாள் 1,820-ஐ ஒட்டி முடிந்தது.

ஊரே ஓடும் பந்தியில் உங்களுக்கு இலை கிடைப்பதில்லை. யாரும் உட்காராத பந்தியில் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் போடுகிறவர் கையில் சேருவது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். சந்தை சூடாக இருக்கும் ஆண்டுகளில் இப்படிப் போட்டும் கொஞ்சம் லாபம் நிற்கும், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் செய்தித்தாளில் படிக்கும் “பட்டியல் லாபம்” எதுவும் குலுக்கல் வாய்ப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த லாபத்துக்கும் 20 சதவீதம் குறுகிய கால மூலதன ஆதாய வரி உண்டு.

ஆகவே, பெரும்பாலானவற்றை விட்டுவிடுங்கள். எதற்குப் போடுவது? என் வாடிக்கையாளர்களிடம் நான் கேட்பது ஒன்றே: குலுக்கலில் விழாவிட்டால், பட்டியலான மறுநாள் இதே விலைக்குக் கிடைத்தால் வாங்குவீர்களா? தயங்கினால் விண்ணப்பமும் வேண்டாம்.

அதற்குப் பதில் சொல்ல, செபி தளத்தில் இருக்கும் ஆர்எச்பி என்ற வெளியீட்டு ஆவணத்தில் முந்நூறு, நானூறு பக்கத்தையும் படிக்க வேண்டியதில்லை. வெளியீட்டு விலைக்கான அடிப்படை என்ற பகுதியைத் திறங்கள். ஏற்கெனவே பட்டியலான போட்டி நிறுவனங்களின் பி/இ விகிதம், அதாவது பங்கின் விலை அதன் ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது, அங்கே அட்டவணையாக இருக்கும். அதே தொழிலில் நல்ல பெயருள்ள நிறுவனத்தைவிட இது ஏன் விலை அதிகம் என்பதற்கு உங்களுக்கே ஒரு காரணம் தோன்ற வேண்டும். நிறுவனம் நஷ்டத்தில் இருந்தால் பி/இ-யே கிடையாது; அப்படிப்பட்டவற்றை நீங்கள் தாண்டிப் போய்விடலாம். பழைய பங்குதாரர் விற்றுவிட்டுப் போகும் ஓஎஃப்எஸ் என்றாலே மோசம் என்பார்கள். டாடா டெக்னாலஜிஸ், ஹூண்டாய் இரண்டுமே முழுக்க ஓஎஃப்எஸ்தான். அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

அப்புறம், கிரே மார்க்கெட் பிரீமியத்தைப் பார்த்துப் போடாதீர்கள். அது பட்டியலாகும் முன் வெளியீட்டு விலைக்கு மேல் வெளியே பேசப்படும், எந்தக் கண்காணிப்பும் இல்லாத வாய்மொழி விலை. பட்டியலாகும் முன்பே ஒரே நாளில் காணாமல் போகும். முதல் நாளே போட அவசரமும் இல்லை, குலுக்கலில் முந்தியவருக்குச் சலுகை கிடையாது. பெரிய முதலீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் கடைசி நாளில்தான் கேட்கின்றன. மூன்றாம் நாள் மதியம் பங்குச்சந்தைத் தளத்தில் கேட்பைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். யுபிஐ அனுமதியை மாலை 5 மணிக்குள் கொடுத்துவிட வேண்டும்.

கையில் இருக்கும் அந்த இரண்டு பங்குகள்? வாங்கிய விலையை மறந்துவிட்டு அதே கேள்வியைக் கேளுங்கள். ஹூண்டாயைக் கார் நிறுவனம் என்று புரிந்து வைத்திருந்தவர்களுக்கு 2025-ல் வெளியீட்டு விலைக்கு மேலேயே விற்க வாய்ப்பு கிடைத்தது. உங்கள் இரண்டில் எதையாவது இன்றைய விலைக்கு வாங்க மனம் வந்தால் வைத்திருங்கள். வராவிட்டால் விற்றுவிடுங்கள், அந்தக் குறுகிய கால நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் காட்டி, வேறு பங்கில் வந்த லாபத்தோடு கழித்துக்கொள்ளலாம்.