எண் இல்லாத வேலை ஏது?

நேர்காணலில் “நீங்கள் தீர்த்துவைத்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள்” என்றதும் விட்டத்தைப் பார்க்கிறவர்களை, தேர்வுக் குழுவில் இருந்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். பத்து வருட வேலையை அந்தப் பத்து நொடியில் துழாவினால் கைக்கு எதுவும் சிக்காது. முன்கூட்டியே சில அனுபவங்களை எண்களோடு எழுதிக் கையிருப்பில் வைத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான். அது பற்றி வந்த கேள்விகள் சில.

கணக்குப் பிரிவில் ஆறு வருடமாகப் பில் சரிபார்க்கிறேன். விற்பனையில் இருப்பவர்களைப் போல இலக்கு எதுவும் எனக்குக் கிடையாது. எண்ணுக்கு நான் எங்கே போவது?

உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: “ஆர்டர் எண் இல்லாமல் வரும் பில்களைத் திருப்பி அனுப்புவதே பெரும்பாடாக இருந்தது, படிவத்தை மாற்றிய பிறகு பரவாயில்லை.” நீங்கள் தேடும் கதை அதுதான். அந்தப் ‘பரவாயில்லை’யைப் பிரித்துப் பார்ப்போம்.

ஒரு நாளைக்கு எத்தனை பில் வரும்? சுமார் 40 என்கிறீர்கள். அவற்றில் எத்தனை திரும்பிப் போயின? நினைவிலிருந்து சொல்லாதீர்கள், எரிச்சலூட்டிய வேலையை நினைவு எப்போதும் பெரிதாக்கியே காட்டும். படிவம் மாறுவதற்கு முந்தைய ஏதாவது இரண்டு வாரத்தை எடுத்து, திருப்பி அனுப்பிய மின்னஞ்சல்களை எண்ணுங்கள். நாளுக்கு 6 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். 40-க்கு 6 என்றால் 15 சதவீதம். பிறகு, மாற்றம் நிலைபெற்ற காலத்தில் இன்னொரு இரண்டு வாரத்தை எண்ணுங்கள். முதல் வாரத்தை எடுக்க வேண்டாம், புதிய படிவம் பழகும்வரை எல்லாரும் தவறு செய்வார்கள். இம்முறை இரண்டு நாளைக்கு 3 என்று வந்தால், ஏறக்குறைய 4 சதவீதம்.

இனி நேரம். ஒரு பில்லைத் திருப்பி அனுப்பி, பதில் வாங்கி, மறுபடி பதிவு செய்ய 20 நிமிடம் ஆகும் என்றால், நாளுக்கு நாலரை பில் குறைந்ததில் 90 நிமிடம் மிச்சம். மாதத்துக்கு 22 வேலை நாள் என்று பார்த்தால் 33 மணி நேரம். நேர்காணலில் மட்டும் ‘33’ என்று சொல்லாதீர்கள். அந்த 20 நிமிடமே ஒரு மதிப்பீடுதான். மதிப்பீட்டிலிருந்து பிறந்த எண்ணைத் துல்லியமானதுபோல் சொன்னால் கேட்பவருக்குச் சந்தேகம் வரும். “மாதத்துக்குச் சுமார் 30 மணி நேரம்” போதும். எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டால் மேலே சொன்ன வழியை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். அந்த விளக்கம்தான் எண்ணைவிட அதிகமாக உங்களுக்காகப் பேசும்.

ஒன்று மட்டும்: இந்த எண்ணிக்கையை வேலையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். வெளியே வந்த பிறகு அந்த மின்னஞ்சல்கள் உங்களுக்குத் திறக்காது. அதற்காக ஆவணங்களை நகலெடுத்து வரவும் கூடாது. நீங்கள் எண்ணிய எண்ணை உங்கள் குறிப்பேட்டில் எழுதினால் போதும்.

“தவறுகளை 75 சதவீதம் குறைத்தேன்” என்று சுயவிவரத்தில் எழுதலாமா?

கணக்கு சரியாக இருந்தால் எழுதலாம். ஆனால் நாலு தவறு ஒன்றாகக் குறைந்தாலும் 75 சதவீதம்தான், நானூறு நூறாகக் குறைந்தாலும் 75 சதவீதம்தான். தேர்வாளருக்கு இது தெரியும், “எதில் 75?” என்று கேட்பார். அப்போது தடுமாறினால் அந்த ஒரு வரியோடு மற்ற வரிகளும் நம்பகம் இழக்கும். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது, எத்தனை மாதத்தில் என்ற மூன்றையும் சொல்லுங்கள். “நான்கு மாதத்தில் 15 சதவீதத்திலிருந்து 4-க்கு” என்பது கொஞ்சம் நீளம்தான், ஆனால் எதிர்க்கேள்விக்கு இடமில்லை.

எல்லாம் குழுவாகச் செய்த வேலை. ‘நான்’ என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் நல்லதுதான், ஆனால் ‘நாங்கள்’ என்றே பேசிக்கொண்டு போனால், நீங்கள் அந்த அறையில் இருந்தீர்களா என்பதே எனக்குத் தெரியாமல் போய்விடும். முடிவைக் குழுவுக்குக் கொடுங்கள், செயலை உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: “ஐந்து பேர் கொண்ட எங்கள் குழு இதைச் சாதித்தது. அதில் பழைய பில்களை எண்ணிக் காரணத்தைக் கண்டுபிடித்ததும், கொள்முதல் பிரிவைச் சம்மதிக்க வைத்ததும் என் பங்கு.” உங்கள் கதையில் நீங்கள் எடுத்த முடிவு ஒன்றுகூட இல்லையென்றால், அந்தக் கதையை விட்டுவிட்டு வேறொன்று தேடுங்கள்.

எத்தனை கதை வேண்டும்? கேள்விகளோ நூற்றுக்கணக்கில் இருக்கின்றனவே.

ஆறு முதல் எட்டு வரை. கேள்விகள் பலவிதமாகத் தோன்றினாலும் பெரும்பாலும் கருத்து மோதல், தோல்வி, நெருக்கடியான கெடு, தானாக முன்வந்து செய்த வேலை, பிறரை இணங்க வைத்தது, புதிதாகக் கற்றது என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றும். ஒரு தாளில் கதைகளை இடப்பக்கம் கீழ்நோக்கியும், இந்த வகைகளை மேலே குறுக்காகவும் எழுதி, பொருந்தும் கட்டங்களில் குறியிடுங்கள். ஒரு பத்தி முழுக்கக் காலியாக இருந்தால் அங்கேதான் விட்டத்தைப் பார்ப்பீர்கள். என் அனுபவத்தில் பலருக்கும் காலியாக இருப்பது தோல்விப் பத்தி.

அதே பில் கதையைப் பாருங்கள். ‘முன்வந்து செய்த வேலை’க்குச் சொல்லும்போது பில்களை எண்ணியதில் தொடங்கலாம். ‘கருத்து மோதல்’ என்று கேட்டால், “ஆர்டர் எண்ணைக் கட்டாயமாக்கினால் எங்கள் வேலை கூடும்” என்று கொள்முதல் பிரிவு மறுத்த இடத்தில் தொடங்குங்கள். கதை ஒன்றுதான், எண்களும் அவையேதான், வாசல் மட்டும் வேறு. ஒரே குழுவிடம் ஒரே கதையை இருமுறை சொல்லிவிடாமல் இருக்கவும் எட்டுவரை தேவைப்படும்.

எழுதி மனப்பாடம் செய்தேன். ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது என்று நண்பர் சிரிக்கிறார்.

நண்பர் சொல்வது சரி. முழு வாக்கியங்களாக எழுதியதுதான் பிழை. ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். கதைக்கு ஓர் அட்டை வைத்து, அதில் தலைப்பு, தொடக்க எண், நீங்கள் முடிவெடுத்த தருணம், இறுதி எண் என்று நாலே வரி எழுதுங்கள். அதைப் பார்த்து மூன்று முறை வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒவ்வொரு முறையும் சொற்கள் மாறட்டும். கைப்பேசியில் பதிவு செய்து நேரத்தைப் பாருங்கள். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால், அநேகமாகப் பின்னணியைச் சொல்வதிலேயே ஒரு நிமிடம் போயிருக்கும். அதை இரண்டு வாக்கியத்துக்குச் சுருக்குங்கள்.

எங்கள் நிறுவனத்தின் எண்கள் ரகசியம். என்ன செய்ய?

தொகையைச் சொல்லாமல் விகிதத்தைச் சொல்லுங்கள்: “ஐந்தில் ஒரு பங்கு செலவு குறைந்தது”, “மூன்று நாள் வேலை ஒரே நாளில் முடிந்தது.” விகிதமே ரகசியம் என்றால் அந்தக் கதையை வெளியே எடுக்காதீர்கள். பழைய இடத்து ரகசியத்தை எங்களிடம் கொட்டியவர்களை நாங்கள் எடுத்துக்கொண்டதில்லை.

தோல்விக் கதைக்கும் எண் வேண்டுமா?

அதற்குத்தான் முதலில் வேண்டும். “கொஞ்சம் தாமதமானது” என்றால் மழுப்புகிறார் என்று தோன்றும். “ஆறு வாரத்தில் முடிப்பதாகச் சொன்னேன், ஒன்பது வாரம் ஆனது, சோதனைக்கு நாள் ஒதுக்காதது என் தவறு. அடுத்த வேலையில் அதற்கு இரண்டு வாரம் ஒதுக்கினேன், சொன்ன தேதியில் முடிந்தது” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.