கார் ஷெட் விளக்கில் சிவப்பு ஏன் கண்டபடி எரிகிறது?

கேள்வி: காரை எங்கே நிறுத்துவது என்று காட்ட, ஷெட் சுவரில் அர்டுயினோவும் HC-SR04 அல்ட்ராசோனிக் சென்சாரும் வைத்து பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு செய்தேன். கார் வெகு தூரத்தில் இருக்கும்போதே சிவப்பு திடீரென எரிந்து அணைகிறது. லேசர் சென்சார் VL53L0X-க்கு மாறிவிடலாமா? என் கார் கறுப்பு நிறம்.

பதில்: மாற்ற வேண்டாம். சென்சார் இருக்கும் இடத்தையும் நிரலில் ஓரிரு வரிகளையும் முதலில் பாருங்கள்.

ஒலி, சாய்வான பானெட்டில் பட்டால் வேறு பக்கம் தெறித்துவிடும், திரும்பி வராது. அப்போது `pulseIn` 0 தரக்கூடும். உங்கள் நிரல் அதை "தூரம் 0 செ.மீ." என்று எடுத்துக்கொண்டால் சிவப்பு எரியத்தான் செய்யும். இப்படித் தடுக்கலாம்:

```
long t = pulseIn(ECHO, HIGH, 30000);
if (t == 0) return -1;
return t / 58;
```

-1 வந்தால் விளக்கைத் தொடாமல் அடுத்த அளவுக்குப் போய்விடுங்கள். இல்லையென்றால் அதுவும் "சிறிய தூரம்" ஆகிச் சிவப்பை எரியவைக்கும்.

அப்புறம் இடம். முன்பக்கத்தில் நேராக, தட்டையாக நிற்பது நம்பர் பிளேட்தான். தரையிலிருந்து அதன் நடுப்பகுதி எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்து, சுவரில் அதே உயரத்தில், அதற்கு நேர் எதிரே சென்சாரைப் பொருத்துங்கள். எதிரொலி பெரும்பாலும் சீராகிவிடும்.

லேசர் சென்சாரில் உங்களுக்கு இரண்டு தொல்லை உண்டு. அது அனுப்புவது அகச்சிவப்பு ஒளி. கறுப்புப் பெயின்ட் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். VL53L0X அதிகபட்சம் 2 மீட்டர்தான் பார்க்கும். கதவு திறந்து வெயில் உள்ளே அடிக்கும்போது அதுவும் குறையும், கார் வருவதே அந்த நேரத்தில்தானே! கதவு மூடிய ஷெட்டில் வெள்ளைக் கார் என்றால் யோசிக்கலாம்.

சிவப்பு எங்கே எரிய வேண்டும்? காரைச் சரியான இடத்தில் நிறுத்தி அளவைப் பாருங்கள், 45 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சிவப்பை 45-இல் எரியவிட்டால் கார் தாண்டிப் போய்விடும். மணிக்கு 1 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தாலும் கார் நொடிக்கு 28 செ.மீ. நகரும். 60 மில்லிநொடிக்கு ஒன்றாக ஐந்து அளவு எடுத்து நடு மதிப்பைப் பிடிக்கும் நேரத்தில் 8 செ.மீ. போய்விடும். பிரேக்கை மிதிக்க அரை நொடி, இன்னொரு 14 செ.மீ. ஆக சிவப்பு 70-க்கு அருகில், மஞ்சள் 150-இல் என்று வைத்து, ஓட்டிப் பார்த்துத் திருத்துங்கள். எல்லையில் விளக்கு மினுக்காமல் இருக்க, 70-இல் எரிந்த சிவப்பு 75-ஐத் தாண்டினால்தான் அணைய வேண்டும்.

கார் நின்ற பிறகு ராத்திரி முழுக்கச் சிவப்பு எரிய வேண்டியதில்லை. ஒரு நிமிடம் அளவு 5 செ.மீ.க்கு மேல் மாறவில்லை என்றால் விளக்கை அணைத்துவிடும்படி நிரலில் சேருங்கள்.