ஆறு செமஸ்டர் நோட்டு, பன்னிரண்டு நாள்: இன்டர்வியூவுக்கு ஒரு ரிவிஷன் ஷீட்

*கேள்வி: நான் இ.இ.இ. இறுதியாண்டு படிக்கிறேன். மின்சாதனப் பராமரிப்பு வேலைக்கு இன்னும் பன்னிரண்டு நாளில் டெக்னிக்கல் இன்டர்வியூ இருக்கிறது. ஆறு செமஸ்டர் நோட்டுகளைச் சுருக்கி எழுத ஆரம்பித்தேன். முதல் நோட்டிலேயே நாற்பது பக்கம் போய்விட்டது. எல்லாம் முக்கியமாகத் தெரிகிறது. எதை எடுப்பது, எப்படிப் பிரிப்பது?*

*- ஒரு மாணவி, விருதுநகர்*

அன்புள்ள தங்கைக்கு,

அந்த நாற்பது பக்கத்தை அப்படியே ஓரமாக வையுங்கள். நோட்டை முதல் பக்கத்திலிருந்து சுருக்கிக்கொண்டே போனால் கடைசியில் கையில் இருப்பது இன்னொரு நோட்டுதான். ரிவிஷன் ஷீட்டைக் கேள்வியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி எழுத வேண்டும். பராமரிப்புப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்கும் பக்கத்தில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் கேட்பது சிலபஸில் இருக்கும் யூனிட் வரிசைப்படி இருக்காது. ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு, பதில் எங்கே நிற்கிறதோ அதுவரை ஒரே நூலில் கேட்டுக்கொண்டே போவோம்.

அதனால் தலைப்பைப் பாடத்தின் பெயரில் வைக்காமல் பொருளின் பெயரில் வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர், இண்டக்‌ஷன் மோட்டார், சர்க்யூட் பிரேக்கரும் ரிலேயும், எர்த்திங், பவர் ஃபேக்டர், மீட்டரும் சி.டி., பி.டி.யும். பராமரிப்பு வேலைக்கு இந்த ஆறு போதும். டிரான்ஸ்ஃபார்மர் என்று ஒரு தாளை எடுத்தால் மெஷின்ஸ் நோட்டிலிருந்து லாஸ், பவர் சிஸ்டம் நோட்டிலிருந்து இம்பிடன்ஸ், புரொடெக்‌ஷன் நோட்டிலிருந்து புக்கோல்ஸ் ரிலே எல்லாம் அதே தாளுக்கு வந்து சேர வேண்டும். ஒரு தலைப்புக்கு ஏ4 தாளின் இரண்டு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். நீளமான டெரிவேஷன்களுக்கு அதில் இடமில்லை. அவற்றின் கடைசி வரியும், அந்த வரி எப்போது பொருந்தாது என்பதும் மட்டும் வரட்டும்.

கேள்விகளுக்கு எங்கே போவது? டூ மார்க் கேள்விகள் உங்களிடமே இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் ‘வரையறு’ என்று கேட்கும், இன்டர்வியூவில் ‘ஏன்’ என்று கேட்பார்கள். ஒவ்வொரு டூ மார்க்கையும் ஒரு ‘ஏன்’ கேள்வியாக மாற்றி எழுதுங்கள். இன்னொரு நல்ல இடம் லேப் ரெக்கார்டு. பலரும் அதைத் திறப்பதே இல்லை. நீங்களே கையால் செய்த சோதனை என்பதால் அதிலிருந்து கேள்வி வர நிறையவே வாய்ப்பு இருக்கிறது.

சரி, தாளில் எப்படி எழுதுவது? இடது பக்கம் குறுகலாகக் கேள்வி. வலது பக்கம் ஒரே வாக்கியத்தில் பதில், அதன் கீழே காரணம், அதன் கீழே ஒரு எண். அப்புறம் ஒரு அம்புக்குறி போட்டு, இந்தப் பதிலைக் கேட்டவர் அடுத்து என்ன கேட்பார் என்று எழுதுங்கள். அந்த அம்புக்குறிதான் இந்த ஷீட்டின் உயிர். டிரான்ஸ்ஃபார்மர் தாளில் ஒரு சங்கிலியைச் செய்தே காட்டுகிறேன்.

முதல் கேள்வி அநேகமாக இதுதான்: டிரான்ஸ்ஃபார்மரை ஏன் கே.வி.ஏ.யில் குறிக்கிறோம், கிலோவாட்டில் ஏன் இல்லை? பதில்: அதன் சூடு கரண்டையும் வோல்டேஜையும் பொறுத்தது, பவர் ஃபேக்டரைப் பொறுத்ததல்ல. காரணம்: காப்பர் லாஸ் கரண்டால் வருகிறது, ஐயன் லாஸ் வோல்டேஜால் வருகிறது. எந்த லோடை மாட்டப் போகிறார்கள் என்பது தயாரிப்பவருக்குத் தெரியாது. அடுத்து அம்புக்குறி: அப்படியென்றால் இந்த இரண்டு லாஸையும் எப்படி அளப்பீர்கள்? ஐயன் லாஸுக்கு ஓப்பன் சர்க்யூட் டெஸ்ட், காப்பர் லாஸுக்கு ஷார்ட் சர்க்யூட் டெஸ்ட். மறுபடி அம்புக்குறி: எந்தப் பக்கத்திலிருந்து சப்ளை கொடுப்பீர்கள், ஏன்?

நிறையப் பேர் இங்கேதான் நிற்கிறார்கள். ‘ஓசி எல்.வி. பக்கம், எஸ்சி எச்.வி. பக்கம்’ என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏன் என்றால் அமைதி. இந்த இடத்துக்குத்தான் எண் வேண்டும். ஊரில் கம்பத்தில் பார்க்கிற 100 கே.வி.ஏ., 11 கிலோவோல்ட்/433 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்ளுங்கள்.

எச்.வி. கரண்ட்: `100000 / (√3 × 11000) = 5.25 A`

எல்.வி. கரண்ட்: `100000 / (√3 × 433) = 133 A`

ஓசி டெஸ்டுக்கு முழு வோல்டேஜ் வேண்டும். எச்.வி. பக்கம் செய்தால் 11,000 வோல்ட் தேட வேண்டும், எல்.வி. பக்கம் 433 வோல்ட் போதும். எஸ்சி டெஸ்டுக்கு முழு கரண்ட் வேண்டும். எல்.வி. பக்கம் என்றால் 133 ஆம்பியர், எச்.வி. பக்கம் என்றால் ஐந்தே கால் ஆம்பியர்தான். இம்பிடன்ஸ் 4.5 சதவீதம் என்று வைத்தால் அந்த ஐந்தே கால் ஆம்பியரை ஓட்ட 11,000-இல் 4.5 சதவீதம், அதாவது 495 வோல்ட் போதும். நம் சாதாரண 415 வோல்ட் சப்ளையைக் கொடுத்தாலே `5.25 × 415 / 495`, ஏறக்குறைய 4.4 ஆம்பியர் வரும். காப்பர் லாஸ் கரண்டின் வர்க்கப்படி மாறும் என்பதால் முழு கரண்டுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இதைச் சொல்லும் பிள்ளைக்கு யார்டில் சோதனை நடக்கும் விதம் மனக்கண்ணில் தெரிகிறது என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். நோட்டில் அரைப் பக்கமாக இருப்பது தாளில் நான்கு வரியாகிவிட்டது, ஆனால் எதுவும் குறையவில்லை.

இண்டக்‌ஷன் மோட்டார் தாளில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துப் பேசுகிறேன், ஏனென்றால் அதில் நானே விழுந்திருக்கிறேன். படிப்பு முடித்த வருடம், ஒரு ஆலையில் இன்டர்வியூ. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ஸ்டார்ட்டிங் கரண்ட் எவ்வளவு குறையும் என்று கேட்டார்கள். ‘ரூட் மூன்றில் ஒரு பங்கு’ என்றேன். எந்த கரண்ட் என்று கேட்டார் ஒரு பெரியவர். எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. என் நோட்டில் `1/√3` என்றும் எழுதியிருந்தது, `1/3` என்றும் எழுதியிருந்தது. இரண்டும் சரிதான், ஆனால் எது எதற்கு என்று நான் எழுதி வைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுவே மனதில் ஓடியது.

ஆகவே உங்கள் தாளில் இப்படி எண்ணோடு எழுதுங்கள். 10 எச்.பி. மோட்டார், முழு லோடில் சுமார் 15 ஆம்பியர் எடுக்கிறது, நேரடியாக டெல்டாவில் போட்டால் அதைப் போல் ஆறு மடங்கு, 90 ஆம்பியர் லைனில் இழுக்கிறது என்று வைப்போம். டெல்டாவில் ஒவ்வொரு வைண்டிங்கிலும் ஓடுவது `90/√3 = 52 A`. அதையே ஸ்டாரில் போட்டால் வைண்டிங்குக்குக் கிடைப்பது 415-க்குப் பதில் 240 வோல்ட், ஆகவே கரண்ட் `52/√3 = 30 A`. ஸ்டாரில் லைன் கரண்டும் வைண்டிங் கரண்டும் ஒன்றே. ஆக வைண்டிங்கில் 52 முப்பதாகிறது, லைனில் 90 முப்பதாகிறது. முதலாவது `1/√3`, இரண்டாவது `1/3`. டார்க் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அதுவும் மூன்றில் ஒன்றாகிறது.

இங்கே அம்புக்குறி கட்டாயம் வேண்டும்: அப்படியென்றால் எங்கே இது உதவாது? லோடோடு கிளம்ப வேண்டிய மோட்டாருக்கு உதவாது. காற்று அடைந்து நிற்கும் கம்ப்ரெஸர் போன்றவற்றை மூன்றில் ஒரு பங்கு டார்க் சுழற்றாமல் போகலாம். எப்படித் தெரியும் என்றும் கேட்பார்கள். மோட்டார் உறுமிக்கொண்டு குறைந்த வேகத்திலேயே நிற்கும், அம்மீட்டர் முள் கீழே இறங்காது, டைமர் டெல்டாவுக்கு மாற்றும் நொடியில் நேரடியாகப் போட்டது போலவே கரண்ட் எகிறும். இன்னொரு வரியும் சேருங்கள்: ஆறு முனையும் வெளியே வந்திருக்க வேண்டும், நேம் பிளேட்டில் 415 வோல்ட்டுக்கு டெல்டா என்று இருக்க வேண்டும். ஸ்டாரிலேயே 415 வோல்ட்டுக்கு வடிவமைத்த சின்ன மோட்டாருக்கு இந்த ஸ்டார்ட்டர் ஆகாது.

ஒரே குறியீடு இரண்டு விகிதத்தில் வரும் இடங்கள், லைன்-ஃபேஸ் குழப்பங்கள், கிலோவாட்-கே.வி.ஏ. மாற்றங்கள், இவற்றையெல்லாம் சிவப்பு மையில் எழுதுங்கள். ஃபார்முலாவில் யூனிட் இல்லாத எழுத்து ஒன்றுகூட இருக்கக் கூடாது. `Ns = 120 f / P` என்று எழுதினால் P என்பது போல் எண்ணிக்கை, போல் ஜோடி அல்ல என்று பக்கத்திலேயே குறியுங்கள். இதைத் தவறவிட்டு 4 போல் மோட்டாருக்கு 3000 சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாள் கணக்கு எளிது. நாளைக்கு ஒரு தலைப்பு என்றால் ஆறு நாளில் ஆறு தாள் முடியும். அடுத்த நான்கு நாள் வலது பக்கத்தை மறைத்துக்கொண்டு வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். மனதுக்குள் சொல்வதும் வாயால் சொல்வதும் வேறு. அம்புக்குறியில் தடுமாறும் வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. மூன்று புள்ளி விழுந்த வரிக்கு மட்டும் மூல நோட்டைத் திறங்கள், அங்கேதான் காரணம் புரியாமல் நழுவியிருக்கும். மீதி இரண்டு நாள் தோழியைக் கேட்கச் சொல்லுங்கள். கேள்வியை வரிசையாகக் கேட்க வேண்டாம், எங்கிருந்தாவது தொடங்கி ‘ஏன்’ என்று மட்டும் கேட்டால் போதும்.

இடையில் ஒரு மாலை, அனுமதி வாங்கி உங்கள் ஹாஸ்டல் பம்ப் அறைக்குப் போய் மோட்டாரின் நேம் பிளேட்டைப் பாருங்கள். எதையும் தொட வேண்டாம், எழுதிக்கொண்டு வந்தால் போதும். 50 ஹெர்ட்ஸ், 1440 ஆர்.பி.எம். என்று இருந்தால் 4 போல், சிங்க்ரனஸ் வேகம் 1500, ஸ்லிப் `60/1500`, அதாவது 4 சதவீதம், முழு லோடில் ரோட்டரில் ஓடும் ஃப்ரீக்வென்சி 2 ஹெர்ட்ஸ். ஏன் 1500-ஐத் தொடாது? தொட்டால் சுழலும் காந்தப் புலத்துக்கும் ரோட்டருக்கும் வேக வித்தியாசம் இருக்காது, ரோட்டரில் கரண்ட் தூண்டப்படாது, டார்க்கும் இருக்காது. மோட்டார் தாளின் முதல் வரியாக அந்த நேம் பிளேட்டையே எழுதிவிடுங்கள்.